இரட்டை எண்களை இரு பகா எண்களாகப் பிரித்தல்: வழிகளை எண்ணிய வரலாறு

2-ஐவிடப் பெரிய எந்த இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூட்டலாக எழுத முடியும் என்பது கோல்ட்பாக் ஊகம் எனப்படும். 8 = 3 + 5, 20 = 3 + 17, 100 = 47 + 53 என்பன எடுத்துக்காட்டுகள். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளாக இது நிறுவப்படாமலும் மறுக்கப்படாமலும் இருக்கிறது. இந்த ஊகத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் "எழுத முடியுமா?" என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். ஆனால் கணித வரலாற்றில் அதிகப் பலன் தந்தது "எத்தனை வழிகளில் எழுத முடியும்?" என்ற கேள்வியே. சிறிய எண்களை வைத்துக் கையாலேயே எண்ணிப் பார்த்தவர்களின் அட்டவணைகளில் ஓர் ஒழுங்கு புலப்பட்டது. அந்த ஒழுங்குக்கு ஒரு வாய்பாடு தேட முயன்றபோது, பார்வைக்குச் சரியாகத் தோன்றிய ஒரு வாய்பாடு தவறிப்போனது. இக்கட்டுரை அந்த வரலாற்றைக் கூறுகிறது.

1742: இரண்டு கடிதங்கள்

கிறிஸ்டியான் கோல்ட்பாக் (1690–1764) கோனிக்ஸ்பர்க் நகரில் பிறந்தவர்; பிற்காலத்தில் ரஷ்ய அரசுப் பணியில் மாஸ்கோவில் வாழ்ந்தவர். அவர் 1742 ஜூன் 7 அன்று, அப்போது பெர்லினில் இருந்த லியோனார்டு ஆய்லருக்கு ஒரு கடிதம் எழுதினார். அதன் ஓரத்தில், 2-ஐவிடப் பெரிய ஒவ்வோர் எண்ணும் மூன்று பகா எண்களின் கூட்டலாக இருக்கும்போல் தெரிகிறது என்று குறித்திருந்தார். ஜூன் 30 அன்று ஆய்லர் மறுமொழி அனுப்பினார். இரட்டை எண் ஒவ்வொன்றும் இரண்டு பகா எண்களின் கூட்டல் என்பதைத் தாம் உறுதியான தேற்றமாகவே கருதுவதாகவும், ஆனால் தம்மால் அதை நிறுவ இயலவில்லை என்றும் அதில் எழுதினார். இன்று நாம் கோல்ட்பாக் ஊகம் என்று சொல்லும் வடிவம் ஆய்லரின் இந்த மறுமொழியில் உள்ளதே ஆகும்.

கோல்ட்பாக் 1-ஐயும் பகா எண்ணாகக் கொண்டார். அதனால் அவருக்கு 4 = 1 + 3 என்பதும் ஏற்கத்தக்க ஒரு வழி. இன்று 1 பகா எண் அல்ல. ஆகவே 4-க்கு 2 + 2 என்ற ஒரே வழிதான். பழைய எண்ணிக்கைகளை இன்றைய எண்ணிக்கைகளோடு ஒப்பிடும்போது ஒன்றிரண்டு வேறுபட்டால், முதலில் ஐயுற வேண்டியது இந்த 1-ஐத்தான்.

கையால் எண்ணும் முறை

எண்ணத் தொடங்கும் முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 3 + 7, 7 + 3 ஆகியவற்றை ஒரே வழியாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா? ஒன்றாகக் கொண்டால் 10-க்கு இரண்டு வழிகள்: 3 + 7, 5 + 5. வரிசையையும் கணக்கில் எடுத்தால் 3 + 7, 7 + 3, 5 + 5 என மூன்று. மாணவர்க்கு முதல் முறை எளிது. வாய்பாடுகளுக்கு இரண்டாம் முறை வசதி. இக்கட்டுரையில் தனியாகக் குறிப்பிடாத இடங்களில் எல்லாம் முதல் முறையே கையாளப்படுகிறது.

சிறிய எண்களை எடுத்துக்கொள்வோம். 4, 6, 8 ஆகிய மூன்றுக்கும் ஒவ்வொரு வழியே. 10-க்கு இரண்டு. 12-க்கு மீண்டும் ஒன்று (5 + 7). 14, 16, 18, 20 ஆகிய நான்குக்கும் இரண்டிரண்டு. 22, 24, 26 ஆகியவற்றுக்கு மும்மூன்று. 28-க்கு இரண்டு, 30-க்கு மூன்று, 32-க்கு இரண்டு. 34-க்கும் 36-க்கும் நான்கு நான்கு; 38-க்கு வந்ததும் இரண்டாகக் குறைகிறது (7 + 31, 19 + 19). 48-க்கு ஐந்து, 60-க்கு ஆறு, 68-க்கு மீண்டும் இரண்டே (7 + 61, 31 + 37). 90-க்கு ஒன்பது, 98-க்கு மூன்று மட்டும்.

எண் பெரிதாகப் பெரிதாக வழிகள் பொதுவாகக் கூடுகின்றன. ஆனால் சீராகக் கூடவில்லை. ஏறி இறங்கித் தடுமாறியபடியே கூடுகின்றன. ஆய்லருக்கு உறுதியைத் தந்தது அந்தக் கூடுதல் என்றால், பின்வந்தவர்களைச் சிந்திக்க வைத்தது இந்தத் தடுமாற்றம்.

கையால் எண்ணுவோர் தவறும் இடங்கள் சிலவே. 49, 77, 91, 119, 121, 133, 161, 169 போன்ற எண்கள் 2, 3, 5 ஆகியவற்றால் வகுபடாததால் பகா எண்கள்போல் தோற்றமளிக்கும். 128-க்கு 37 + 91 என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் 91 என்பது 7 × 13. அதே 128-க்கு 7 + 121 என்பதும் செல்லாது. 121 என்பது 11 × 11. பாதி எண்ணைத் தாண்டியும் எண்ணிக்கொண்டே போனால் ஒரே வழி இருமுறை சேர்ந்துவிடும். பாதியே பகா எண்ணாக இருந்தால் (38-க்கு 19 போல) அதை விட்டுவிடுவதும் அடிக்கடி நிகழும் பிழை.

மூன்றால் வகுபடும் எண்களின் சிறப்பு

மேலே உள்ள எண்ணிக்கைகளை மீண்டும் பார்த்தால், 36, 48, 60, 90 என உயர்ந்து நிற்பவை எல்லாம் 3-இன் மடங்குகள் என்பது தெரியவரும். காரணம் எளியது. 96, 98 ஆகிய அடுத்தடுத்த இரட்டை எண்களைக் கொண்டு அதைக் காணலாம்.

3-ஐத் தவிர்த்த எந்தப் பகா எண்ணையும் 3-ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 2 கிடைக்கும். 90-க்கு உட்பட்ட பகா எண்களில் 7, 13, 19, 31, 37, 43, 61, 67, 73, 79 ஆகியவை மீதி 1 தருபவை. 5, 11, 17, 23, 29, 41, 47, 53, 59, 71, 83, 89 ஆகியவை மீதி 2 தருபவை (2 என்ற பகா எண் 4-ஐத் தவிர வேறு எதற்கும் பயன்படாது, எனவே அதை விட்டுவிடலாம்).

98-ஐ 3-ஆல் வகுத்தால் மீதி 2. இரண்டு பகா எண்களைக் கூட்டி மீதி 2 வர வேண்டுமானால் இரண்டுமே மீதி 1 தருபவையாக இருக்க வேண்டும். மீதி 2 தரும் பகா எண் ஒன்றை 98-இலிருந்து கழித்தால் விடை 3-ஆல் வகுபட்டுவிடும். ஆகவே பகா எண்களில் ஏறத்தாழ பாதி தொடக்கத்திலேயே பயனற்றுப் போகின்றன. 49 வரை முயன்று பார்க்க வேண்டியவை 7, 13, 19, 31, 37, 43 ஆகிய ஆறு மட்டுமே. அவற்றுள் 7-இன் துணை 91, 13-இன் துணை 85, 43-இன் துணை 55. இம்மூன்றும் பகு எண்கள். எஞ்சுவன 19 + 79, 31 + 67, 37 + 61 ஆகிய மூன்று. 3 என்ற பகா எண் இந்த விதிக்கு வெளியே நிற்பதால் அதைத் தனியே பார்க்க வேண்டும்; 98 − 3 = 95, அதுவும் உதவவில்லை.

96-இன் நிலை வேறு. அது 3-ஆல் மீதியின்றி வகுபடும். மீதி 1 தருவதையும் மீதி 2 தருவதையும் கூட்டினால் மீதி இல்லாமல் போகும். எனவே இரு வகைப் பகா எண்களும் பயன்படும், எதுவும் வீணாகாது. மீதி 2 தரும் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக 96-இலிருந்து கழித்துப் பார்க்கலாம். 5, 11, 41, 47, 71 ஆகிய ஐந்துக்கும் முறையே 91, 85, 55, 49, 25 என்ற பகு எண்கள் கிடைக்கின்றன. மற்ற ஏழும் வெற்றி பெறுகின்றன: 17 + 79, 23 + 73, 29 + 67, 53 + 43, 59 + 37, 83 + 13, 89 + 7. ஆறு முயற்சிகளுக்குப் பதில் பன்னிரண்டு முயற்சிகள். மூன்று வழிகளுக்குப் பதில் ஏழு.

5-க்கும் இதே வாதம் பொருந்தும். ஆனால் விளைவு சிறியது. 5-ஐத் தவிர்த்த பகா எண்களை 5-ஆல் வகுத்தால் மீதி 1, 2, 3, 4 என நான்கு வகை. இரட்டை எண் 5-இன் மடங்கானால் நான்கு வகையும் பயன்படும். இல்லையேல் ஒரு வகை வீணாகி மூன்று எஞ்சும். ஆக 3-இன் மடங்குக்கு இருமடங்கு நன்மை; 5-இன் மடங்குக்கு 4/3 மடங்கு; 7-இன் மடங்குக்கு 6/5 மடங்கு. பொதுவாக p என்ற ஒற்றைப் பகா எண்ணுக்கு இது (p − 1)/(p − 2) ஆகும்.

அட்டவணை தயாரித்தவர்கள்

ஆய்லருக்குப் பின் நூறாண்டுக்கும் மேலாக இதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை. எட்வர்டு வேரிங் 1770-இல் இந்த ஊகத்தைத் தம் நூலில் அச்சேற்றினார். 1855-இல் டெபோவ் என்ற பிரெஞ்சுக்காரர் 10,000 வரை சரிபார்த்தார். ஆனால் சரிபார்ப்புக்கு ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரே ஒரு வழி கிடைத்தால் போதும். முழு எண்ணிக்கைக்கு எல்லா வழிகளையும் தேடியாக வேண்டும், உழைப்பு பன்மடங்கு.

அந்த உழைப்பை ஏற்றவர்களுள் ஒருவர் முடிவிலிகளின் கணிதத்தைப் படைத்த கியார்க் கேன்ட்டர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். முடிவற்றதற்குள்ளும் சிறியது பெரியது உண்டு என்று காட்டிய அதே மனிதர், 1894-இல் பிரான்சின் கான் நகரில் நடைபெற்ற அறிவியல் மாநாட்டுக்கு, 1000 வரையுள்ள இரட்டை எண்களுக்கான ஓர் அட்டவணையை அளித்தார். ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை வழிகள் என்பதும் அதில் இருந்தது. சில ஆண்டுகளுக்குள் ஹவுஸ்னர் என்ற ஜெர்மானியர் அட்டவணைகளை 5000 வரை கொண்டுசென்றார். கணிப்பொறி இல்லாத காலத்தில் இது பெரும் பொறுமையைக் கோரிய வேலை. கணித வரலாற்று நூல்களில் இவர்களுக்கு ஓரிரு வரிகளே கிடைக்கின்றன. அது நியாயமாகத் தோன்றவில்லை. பின்னால் வந்த வாய்பாடுகளைச் சோதிக்கும் உரைகல்லாக நின்றவை இத்தகைய அட்டவணைகளே.

இரண்டு வாய்பாடுகளும் மூன்று எண்களும்

இங்கிலாந்தைச் சேர்ந்த ஜே. ஜே. சில்வெஸ்டர் 1871-இல், வழிகளின் எண்ணிக்கையை மதிப்பிட ஒரு வாய்பாட்டை வெளியிட்டார். 1896-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பால் ஸ்டேக்கெல் வேறொன்றை முன்வைத்தார். ஸ்டேக்கெலின் வாய்பாடு அழகானது: அந்த எண் வரையுள்ள ஒற்றைப் பகா எண்களின் எண்ணிக்கையை வர்க்கமாக்கி, அந்த எண்ணின் ஆய்லர் φ மதிப்பால் வகுக்க வேண்டும். (φ என்பது அந்த எண்ணோடு பொதுக் காரணி எதுவும் இல்லாத, அதனினும் சிறிய எண்கள் எத்தனை என்பதைக் குறிக்கும்.) இதில் கிடைப்பது வரிசையையும் கணக்கில் எடுத்த எண்ணிக்கை.

208, 210, 212 ஆகிய மூன்று அடுத்தடுத்த இரட்டை எண்களில் இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். 208 = 16 × 13; 210 = 2 × 3 × 5 × 7; 212 = 4 × 53. மூன்றுக்கும் கீழே 45 ஒற்றைப் பகா எண்கள் உள்ளதாகக் கொள்ளலாம். 199-க்கு அடுத்த பகா எண் 211 என்பதால் இது மூன்றுக்கும் பொது. (211 என்பதை 212-இலிருந்து கழித்தால் 1 கிடைப்பதால் அது பயன்படாது.)

முதலில் உண்மையான எண்ணிக்கை. 208-க்கு ஏழு வழிகள்: 11 + 197, 17 + 191, 29 + 179, 41 + 167, 59 + 149, 71 + 137, 101 + 107. 212-க்கு ஆறு: 13 + 199, 19 + 193, 31 + 181, 61 + 151, 73 + 139, 103 + 109. இவை இரண்டுக்கும் நடுவிலுள்ள 210-க்கோ பத்தொன்பது வழிகள். வரிசையையும் எடுத்துக்கொண்டால் இவை முறையே 14, 12, 38.

இப்போது ஸ்டேக்கெலின் வாய்பாடு. 45-இன் வர்க்கம் 2025. 210-இன் φ மதிப்பு 48. 2025/48 ஏறத்தாழ 42. உண்மை 38, குறை சொல்ல முடியாது. 208-இன் φ மதிப்பு 96, விடை 21. உண்மையோ 14. 212-இன் φ மதிப்பு 104, விடை 19. உண்மையோ 12. மூன்றின் மடங்கில் ஓரளவு பொருந்தும் வாய்பாடு, மற்ற இரண்டிலும் அரைப் பங்குக்கு மேல் மிகைப்படுத்திவிடுகிறது.

சில்வெஸ்டரின் வழியில் சிந்தித்தால் இப்படி வரும். 208-க்கு 45 பகா எண்களையும் ஒரு சல்லடையில் போடுவோம். 3-ஆல் ஏற்படும் இழப்பு பாதி. எஞ்சுவது 1/2 பங்கு. 5-ஆல் எஞ்சுவது 3/4 பங்கு. 7-ஆல் 5/6 பங்கு. 11-ஆல் 9/10 பங்கு. 13 என்பது 208-இன் காரணி ஆதலால் அதனால் இழப்பு இல்லை. 208-இன் வர்க்கமூலம் 15-க்கும் குறைவு என்பதால் இதற்கு மேல் சலிக்க வேண்டியதில்லை. 45 × 1/2 × 3/4 × 5/6 × 9/10 என்பது ஏறத்தாழ 12.7. உண்மை 14. 212-க்கு 13-ஆலும் இழப்பு உண்டு, 12.7-ஐ 11/12-ஆல் பெருக்கினால் 11.6. உண்மை 12. 210-க்கு 3, 5, 7 ஆகிய மூன்றும் காரணிகள். இழப்பு 11, 13 ஆகியவற்றால் மட்டும். 45 × 9/10 × 11/12 ஏறத்தாழ 37. உண்மை 38.

கால்நூற்றாண்டு முந்தைய சில்வெஸ்டர், பின்னால் வந்த ஸ்டேக்கெலைவிட உண்மைக்கு அருகில் நிற்கிறார். ஸ்டேக்கெல் எங்கே தவறினார்? அவர் வாய்பாட்டில் 3-இன் மடங்குக்கு 3/2 பங்கு கூடுதல் தரப்படுகிறது. 3-இன் மடங்கல்லாத எண்ணுக்கு எந்த மாற்றமும் இல்லை. அதாவது சலுகை பெறுவோர் உண்டு, இழப்போர் இல்லை. அடுத்தடுத்த மூன்று இரட்டை எண்களில் ஒன்று 3-இன் மடங்கு. மற்ற இரண்டும் அல்ல. அவருடைய கணக்கில் மூன்றின் பங்கும் சேர்ந்து 3/2 + 1 + 1, அதாவது மூன்றரை. ஆனால் மொத்தம் மூன்றாகத்தான் இருக்க முடியும். ஏனெனில் எல்லா இரட்டை எண்களின் வழிகளையும் கூட்டினால் கிடைப்பது பகா எண் இணைகளின் மொத்த எண்ணிக்கை. அது 3-ஐப் பற்றிய எந்தக் கணக்கையும் சாராமல் தனியே அறியத்தக்கது. ஒருவனுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் மற்றவனிடமிருந்து எடுத்தாக வேண்டும். சரியான பங்கீடு 3/2, 3/4, 3/4. இதன் கூட்டல் மூன்று. 3/2-க்கும் 3/4-க்கும் உள்ள விகிதமே நாம் 96-லும் 98-லும் கண்ட இருமடங்கு. ஸ்டேக்கெலின் வாய்பாட்டில் மொத்தக் கணக்கு பொருந்தவில்லை என்பதை எட்மண்ட் லண்டாவ் 1900-ஆம் ஆண்டிலேயே காட்டினார்.

சில்வெஸ்டரிடமும் குறை உண்டு. ஆனால் அது சிறிய எண்களில் தெரியாது. எண்களுக்கிடையிலான விகிதங்கள் அவர் வாய்பாட்டில் சரியாகவே உள்ளன. எண் மிக மிகப் பெரிதாகும்போது மட்டும் விடை சுமார் 12 சதவீதம் அதிகமாகிவிடும். ஒவ்வொரு பகா எண்ணின் சல்லடையும் மற்றவற்றைச் சாராமல் தனித்தியங்குகிறது என்று எடுத்துக்கொண்டு பெருக்குவதே அதற்குக் காரணம். வர்க்கமூலம் வரை சலிக்கும்போது அந்த எடுகோள் முழுமையாக உண்மையல்ல. 210 அளவில் அட்டவணையைப் பார்த்து இக்குறையை எவரும் கண்டுபிடித்திருக்க முடியாது.

ராமானுஜனின் கூட்டல்களும் ஹார்டி–லிட்டில்வுட் வாய்பாடும்

கேம்பிரிட்ஜில் இருந்த ஆண்டுகளில் சீனிவாச ராமானுஜன் கோல்ட்பாக் ஊகத்தின் தீர்வை வெளியிட்டவர் அல்லர். ஆயினும் இந்த வரலாற்றில் அவருக்கு உண்மையான இடம் இருக்கிறது, இரண்டு வழிகளில்.

முதலாவது, ஓர் எண்ணை எத்தனை விதமாகக் கூட்டலாக எழுதலாம் என்ற எண் பிரிவினைக் கேள்விக்கு ஹார்டியும் ராமானுஜனும் 1918-இல் வெளியிட்ட கட்டுரை. பின்னர் வட்ட முறை எனப் பெயர்பெற்ற உத்தி அதில்தான் உருப்பெற்றது. ஹார்டியும் லிட்டில்வுட்டும் அதை வளர்த்து, 1923-இல் அச்சான புகழ்பெற்ற கட்டுரையில் பகா எண்களின் கூட்டலுக்குப் பயன்படுத்தினர்.

இரண்டாவது, அதே 1918-இல் ராமானுஜன் தனியாக வெளியிட்ட மற்றொரு கட்டுரையில் உள்ள, இன்று ராமானுஜன் கூட்டல் எனப்படும் c_q(n). அது என்ன செய்கிறது என்பதை 3-ஐ வைத்துப் புரிந்துகொள்ளலாம். n என்பது 3-இன் மடங்கானால் c_3(n) = 2; இல்லையேல் −1. ஹார்டி–லிட்டில்வுட் கணக்கில் 3-க்குரிய பங்கு 1 + c_3(n)/4 என்று வருகிறது. மடங்கானால் 1 + 2/4 = 3/2. மடங்கல்லாவிட்டால் 1 − 1/4 = 3/4. ஸ்டேக்கெல் தவறவிட்ட இழப்பு, ராமானுஜன் கூட்டலின் அந்த −1-இல் தானாகவே வந்து அமர்ந்துகொள்கிறது. 5-க்கு c_5(n) முறையே 4, −1; பங்கு 1 + 4/16 = 5/4, 1 − 1/16 = 15/16. இவற்றின் விகிதம் 4/3. முன்னே மீதிகளை எண்ணிப் பெற்ற அதே எண்.

இழப்புகள் அனைத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 0.66016... என்ற மாறிலி கிடைக்கும். முழு வாய்பாடு, வரிசையைக் கருதாமல், இது:

G(n) ≈ 0.66016 × n / (ln n)² × ∏ (p − 1)/(p − 2)

இங்கு ln என்பது இயல் மடக்கை. ∏ என்பது n-இன் ஒற்றைப் பகாக் காரணிகள் ஒவ்வொன்றுக்கும் உரிய பின்னத்தைப் பெருக்குவதைக் குறிக்கும். 210-க்கு அந்தப் பெருக்கம் 2 × 4/3 × 6/5 = 3.2. 208-க்கு 12/11 மட்டும். 212-க்கு 52/51 மட்டும்.

கணக்கிட்டால் 210-க்கு 15.5, 208-க்கு 5.3, 212-க்கு 5.0 எனக் கிடைக்கும். உண்மை 19, 7, 6. மூன்றிலும் குறைவாகவே வருகிறது. இதைக் கண்டு வாய்பாடு தவறென்று முடிவுகட்டக் கூடாது. n/ln n என்பதே இந்த அளவில் பகா எண்களைக் குறைத்து மதிப்பிடும். இங்கு மடக்கை இருமுறை வருவதால் குறை இரட்டிக்கிறது. எண் வளர வளர இது கரையும், ஆனால் மிக மெதுவாக. விகிதங்களைப் பார்த்தால் பொருத்தம் விளங்கும்: 210-க்கும் 212-க்கும் வாய்பாட்டின்படி 3.1 மடங்கு, உண்மையில் 3.2 மடங்கு.

1919-இல் ஷா, வில்சன் என்ற இருவர் இத்தகைய வாய்பாட்டை எண்களில் விரிவாகச் சோதித்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதற்கு ஹார்டியும் லிட்டில்வுட்டும் ஒரு குறிப்பு எழுதினர். அந்த வில்சன்தான் பின்னாளில் ஹார்டி, சேஷு ஐயர் ஆகியோருடன் சேர்ந்து ராமானுஜனின் ஆய்வுக் கட்டுரைத் தொகுப்பை 1927-இல் பதிப்பித்தவர்.

இந்த வாய்பாடும் இன்றுவரை நிறுவப்படவில்லை. ஒற்றை எண்களை மூன்று பகா எண்களாகப் பிரிக்கும் எளிய வடிவத்தில் வட்ட முறை வென்றது: 1937-இல் வினோகிராதோவ் மிகப் பெரிய ஒற்றை எண்கள் அனைத்துக்கும் நிறுவினார், 5-ஐவிடப் பெரிய எல்லா ஒற்றை எண்களுக்குமான நிறுவலை 2013-இல் ஹெல்ஃப்காட் அளித்தார். இரண்டு பகா எண்கள் என்றால் மட்டும் பிழையின் அளவு முதன்மை உறுப்பையே விழுங்கிவிடும் ஆபத்து நீங்கவில்லை.

210-இன் தனித்தன்மை

மேலே கண்ட 210-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அதன் பாதியான 105-க்கும் 208-க்கும் இடையிலுள்ள பகா எண்களை எழுதிப் பார்க்கலாம்: 107, 109, 113, 127, 131, 137, 139, 149, 151, 157, 163, 167, 173, 179, 181, 191, 193, 197, 199. ஒவ்வொன்றையும் 210-இலிருந்து கழித்தால் 103, 101, 97, 83, 79, 73, 71, 61, 59, 53, 47, 43, 37, 31, 29, 19, 17, 13, 11. ஒன்றுகூடத் தவறாமல் எல்லாம் பகா எண்கள். வழிகளின் எண்ணிக்கை எட்டக்கூடிய உச்சத்தை இந்த எண் தொட்டுவிடுகிறது. 30-க்கும் 90-க்கும் இத்தன்மை உண்டு. 210-ஐவிடப் பெரிய எந்த எண்ணுக்கும் இது இல்லை என்பதை டெசூயே, கிரான்வில், நார்க்கியேவிச், பொமரான்சு ஆகிய நால்வர் 1993-இல் நிறுவினர். மேல் எல்லையைப் பற்றிய இத்தகைய கூற்றுகள் நிறுவத்தக்கவையாக இருக்கின்றன. கீழ் எல்லைதான் கைக்கு அகப்படவில்லை.

கணிப்பொறிச் சரிபார்ப்பு 2014-இல் வெளியான முடிவின்படி 4 × 10^18 வரை சென்றுள்ளது. அங்கு வழிகள் அனைத்தும் எண்ணப்படவில்லை, எண்ணவும் இயலாது. ஒவ்வோர் இரட்டை எண்ணுக்கும் சிறிய பகா எண்களை 3, 5, 7 என வரிசையாகக் கழித்து, முதல் வெற்றியோடு நிறுத்திக்கொள்வர். அவ்வளவு பெரிய எல்லை வரையிலும் தேவைப்பட்ட சிறிய பகா எண் 9781-ஐத் தாண்டவில்லை.

ஒரே ஒரு வழி மட்டும் உள்ள எண்களில் கணக்கிட்டவரை கடைசியாக வருவது 12. இரண்டே வழிகள் உள்ளவற்றில் 68. மூன்றே வழிகள் உள்ளவற்றில் 128. இவை முறையே கடைசி என்பதை அட்டவணையைப் பார்க்கும் எவரும் நம்புவர். ஆனால் 12-க்குப் பிறகு ஒற்றை வழியோ வழியின்மையோ நேராது என்று நிறுவினால், அது கோல்ட்பாக் ஊகத்தையே நிறுவியதாகிவிடும். ஆகவே அந்தச் சிறிய கூற்றும் நிறுவப்படாமலேயே இருக்கிறது.